வாரம் 1,150, பதினைந்து நாளைக்கு 2,350, மாதம் 4,900: எது குறைவு?

ஐஸ்பெட்டி, தண்டையார்பேட்டை — 2026 ஜனவரி 11, ஞாயிறு

என் மனைவி விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து வீட்டு வாசலில் வைத்து விற்கிறார். வீட்டில் இரண்டு ஃப்ரீசர், பதினாறு தெர்மோகோல் பெட்டி. நடக்க வழியில்லை, வாடை வேறு. மாடியில் இருப்பவர்கள் முகம் சுளிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெட்டிகளை வைக்க ஒரு அறை தேடினேன். மூன்று இடம் அமைந்திருக்கிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றிலும் கரண்ட் பில் தனி.

கல்மண்டபம் பக்கம் ஒன்று: வாரம் 1,150. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஒன்று: பதினைந்து நாளைக்கு ஒருமுறை 2,350. துறைமுகத்தை ஒட்டி மூன்றாவது: மாதம் 4,900.

நான் போட்ட கணக்கு: வாரத்தை நான்கால் பெருக்கினால் 4,600. பதினைந்து நாளை இரண்டால் பெருக்கினால் 4,700. மூன்றாவது 4,900. கல்மண்டபம்தான் குறைவு, மாதம் 300 ரூபாய் மிச்சம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், மனைவி "வாரம் கொடுப்பது எப்போதும் கூடத்தான் வரும்" என்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நான் சொல்வதுதானே சரி?

எண்ணூர்க் காற்று — ஜனவரி 11

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. மாதத்துக்கு நான்கு வாரம் என்று யார் சொன்னது? மாதம் 30 நாள். 1,150ஐ ஏழால் வகுத்து 30ஆல் பெருக்கிப் பாருங்கள், 4,929 வருகிறது. மாத வாடகையைவிட 29 ரூபாய் கூடுதல். பதினைந்து நாள் இடம் 4,700 என்று நீங்கள் போட்டது சரி. ஆகவே சந்து இடம்தான் குறைவு. முடிந்தது.

கல்மண்டபத்தான் — ஜனவரி 11

எங்கள் தெருவுக்கா வருகிறீர்கள்? நான் தெரு நாய்களுக்கு இப்போதே தகவல் சொல்லிவிடுகிறேன்.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 12

நான் 31 ஆண்டு ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் இருந்தவன். வாரக்கூலிக்காரர்களுக்கு ஆண்டில் 52 கவர் போடுவோம், மாதச் சம்பளக்காரர்களுக்கு 12. வாரக் கவரை நான்கால் பெருக்கி "மாதச் சம்பளத்துக்கு வா, உனக்கு இவ்வளவு தருகிறேன்" என்று சொன்னால், அந்த ஆளுக்கு ஆண்டில் நான்கு வாரக் கூலி காணாமல் போகும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வந்து கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடகையிலும் அதே கணக்குதான், பணம் போகும் திசைதான் வேறு.

மாதத்துக்குக் கொண்டுவராதீர்கள். மாதம் 28 நாளும் வரும், 31 நாளும் வரும், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. மூன்றையும் ஆண்டுக்குக் கொண்டுபோங்கள். ஓராண்டில் எத்தனை முறை பணம் கையை விட்டுப் போகிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

வாரம்: 1,150ஐ 52ஆல் பெருக்கினால் 59,800.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை: 2,350ஐ 26ஆல் பெருக்கினால் 61,100.
மாதம்: 4,900ஐ 12ஆல் பெருக்கினால் 58,800.

ஐஸ்பெட்டி போட்ட வரிசை குலைந்துவிட்டது. அவர் மிக அதிகம் என்று நினைத்த துறைமுகத்து இடம்தான் மூன்றில் குறைவு. நான்கு வாரம் என்பது 28 நாள். அப்படிப் பன்னிரண்டு மாதம் என்றால் 336 நாள்தான். மீதி 29 நாள் எங்கே போயிற்று? இடத்துக்காரர் அதை மறக்கமாட்டார். அந்த நான்கு வாரத்துக்கும் நீங்கள் 4,600 கொடுப்பீர்கள். வார வாடகைக்காரனுக்கு ஆண்டில் பதின்மூன்று மாதம் என்று எங்கள் கேன்டீனில் சொல்வார்கள்.

எண்ணூர்க்காரர் வாரத்தை நாள் கணக்காக உடைத்தது நல்ல வழி. ஆனால் 30 நாள் மாதம் பன்னிரண்டு என்றால் 360 நாள், ஐந்து நாள் விடுபடுகிறது. அது சின்னப் பிழை. பெரிய பிழை, வாரத்தை உடைத்தவர் பதினைந்து நாளை உடைக்காமல் இரண்டால் பெருக்கியது.

ஐஸ்பெட்டி, ஒரு கேள்வி. சந்து இடத்துக்காரர் "பதினைந்து நாளைக்கு ஒருமுறை" என்று சொன்னாரா, "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" என்று சொன்னாரா?

ஐஸ்பெட்டி — ஜனவரி 12

பதினைந்து நாள் என்றுதான் சொன்னார். இரண்டும் ஒன்றுதானே?

மேலே நான் எழுதியதை அழிக்க நினைத்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

கொருக்குப்பேட்டை அக்கா — ஜனவரி 12

வாரம் கட்டுவது எல்லாமே ஏமாற்று வேலை. நான் இட்லிக் கடை போடத் தண்டல் வாங்கினேன். எழுதியது பத்தாயிரம், கையில் கொடுத்தது 8,500. நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இந்தக் கணக்கை 365ஆல் பெருக்கினால் 36,500 வருகிறதே! இதையெல்லாம் யார் கேட்பது?

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 13

அக்கா, உங்கள் கோபம் நியாயம்தான், கணக்கு வேறு. வாடகை நீங்கள் இருக்கும்வரை ஓடுவது, அதனால் 52, 26, 12 என்று பெருக்கலாம். தண்டலுக்குத் தவணை எண்ணிக்கை முன்பே முடிவாகிவிட்டது: நூறு. நூறாவது நாள் நின்றுவிடும். அதை 365ஆல் பெருக்கக்கூடாது. அங்கே கேட்க வேண்டியது, 8,500 வாங்கிப் பத்தாயிரம் கட்டினோம், 1,500 எதற்குப் போயிற்று என்பதுதான்.

ஆனால் ஒன்று. ஒரு தண்டல் முடிந்த மறுநாளே அடுத்த தண்டல் எடுக்கிறீர்களா? அப்படியென்றால் ஆண்டில் 3.65 தண்டல் ஓடும். 1,500ஐ 3.65ஆல் பெருக்கினால் 5,475. கையில் 8,500க்கு மேல் ஒருநாளும் இருக்கவில்லை, ஆண்டு வட்டி மட்டும் 5,475.

கொருக்குப்பேட்டை அக்கா — ஜனவரி 13

ஆறு வருடமாக எடுக்கிறேன். இதை ஏன் ஐயா சொன்னீர்கள்.

கல்மண்டபத்தான் — ஜனவரி 13

போன் ரீசார்ஜும் இதே கதைதான். 28 நாள் பேக் என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை போட வேண்டும். 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, 30 நாள் பேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் என் அப்பாவுக்கே விஷயம் தெரிந்தது. அதுவரை "தேதி ஏன் பின்னாலேயே போகிறது" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஐஸ்பெட்டி — ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. சந்து இடத்துக்காரரைப் பார்த்தேன். "பதினைந்து நாள் என்றால் எப்படி ஐயா?" என்றேன். "பதினைந்து நாள் என்றால் பதினைந்து நாள்தான், இதில் எப்படி என்ன?" என்றார். ஒன்றாம் தேதி, பதினாறாம் தேதியா என்று கேட்டேன். "அப்படியும் வைத்துக்கொள்ளலாம்" என்றார். ஞாயிறு விட்டு ஞாயிறா என்று கேட்டேன். அதற்கும் "அப்படித்தான்" என்றார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். பதில் மட்டும் வரவில்லை.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 18

அவர் உங்களை ஏமாற்றவில்லை. நம் பேச்சிலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது. இந்த ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் அடுத்த ஞாயிறு எட்டாம் நாள், அதற்கடுத்த ஞாயிறு பதினைந்தாம் நாள். அதனால்தான் பெரியவர்கள் வாரத்தை எட்டு நாள் என்பார்கள், இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்பார்கள். இப்படிச் சொல்பவருக்கு நடுவில் இருப்பது 14 நாள், ஆண்டுக்கு 26 தவணை. இன்னொருவருக்கு அதே சொல் பாதி மாதம், ஆண்டுக்கு 24 தவணை.

உங்கள் இடத்தில் இந்த இரண்டு தவணையின் வித்தியாசம் 4,700. 26 என்றால் ஆண்டுக்கு 61,100, மூன்று இடத்திலும் இதுதான் அதிகம். 24 என்றால் 56,400, மூன்று இடத்திலும் இதுதான் குறைவு. ஒரே வாடகை, ஒரே சொல்.

அவரிடம் கேட்டுப் பயனில்லை. முன்பு இருந்தவர் பணம் கட்டிய நோட்டு இருக்கும், அதைப் பாருங்கள். கிழமை மாறாமல் தேதி மாறிக்கொண்டே வந்தால் 26. தேதி மாறாமல் கிழமை மாறினால் 24. இரண்டுமே மாறினால் அவர் உண்மையாகவே பதினைந்து பதினைந்தாக எண்ணுகிறார், அப்போது ஆண்டுக்கு 24 தவணை, சில ஆண்டு 25.

எண்ணூர்க் காற்று — ஜனவரி 18

நான் சொன்ன சந்து இடம்தான் குறைவு என்று ஆகலாம் போலிருக்கிறதே.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 18

ஆகலாம். விடை சரியாக வந்தாலும் வழிக்கு மதிப்பெண் கிடையாது.

ஐஸ்பெட்டி — ஜனவரி 20

நோட்டைப் பார்த்துவிட்டேன். நாற்பது பக்கப் பள்ளி நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்துத் தேதியும் தொகையும் கையெழுத்தும் மட்டும். முன்பு இருந்தவர் வலை வைத்திருந்தாராம். கடைசிப் பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதி வந்தேன்: அக்டோபர் 5, அக்டோபர் 19, நவம்பர் 2, நவம்பர் 16, நவம்பர் 30.

நோட்டை எடுத்துக் கொடுத்தவர் இடத்துக்காரரின் மருமகள். நவம்பர் 30ஐ விரலால் தொட்டு, "இந்த மாதம் மட்டும் மூன்று முறை வாங்கிவிட்டோம், அவர் ஒன்றும் கேட்கவில்லை" என்றார். கேட்டிருந்தாலும் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை. ஆக 26.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 20

அந்த மூன்று முறை வரும் மாதம் ஆண்டுக்கு இரண்டு தடவை வரும். 24க்கும் 26க்கும் உள்ள இடைவெளி அதுதான். முன்பு இருந்தவர் அதை எப்போதோ ஒருமுறை நடக்கும் தப்பு என்று நினைத்திருப்பார்.

ஐஸ்பெட்டி — ஜனவரி 22

ஒரு வேடிக்கை. இன்று சந்து இடத்துக்காரரிடம் போய், "எனக்கு ஞாயிறு கணக்கு வேண்டாம், ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் கொடுக்கிறேன்" என்றேன். யோசித்தார். "தேதிக் கணக்கென்றால் 2,350க்குக் கட்டாது, 2,500 கொடுங்கள்" என்றார். சரி என்று சொல்லிவிடாமல் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். 2,500ஐ 24ஆல் பெருக்கினால் 60,000. அவருடைய பழைய கணக்கில் 61,100. தவணைக்கு 150 ஏற்றிவிட்டதாக அவருக்கு மகிழ்ச்சி, எனக்கு 1,100 குறைகிறது.

இதை மனைவியிடம் சொன்னேன். "முதலில் நான்கால் பெருக்கியவர் யார்?" என்றார். கல்மண்டபத்தான் உதவியால் இந்த இழையை அவர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கல்மண்டபத்தான் — ஜனவரி 22

என்னைக் கோர்த்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு அக்கா போன் கொண்டுவந்து கேட்டார், காட்டினேன், அவ்வளவுதான்.

நான் கேட்க நினைத்தது வேறு. தடைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடிக்கக் கூடாது. மீனே வராதபோது அறைக்கு எதற்கு வாடகை? எங்கள் தெரு இடத்துக்காரர் அந்த வாரங்களுக்கு விட்டுக்கொடுப்பார் என்று கேள்விப்பட்டேன். மாத வாடகை வாங்குபவர் விடமாட்டார்.

ஐஸ்பெட்டி — ஜனவரி 23

தடை விசைப்படகுகளுக்குத்தான் தம்பி. ஃபைபர் படகும் கட்டுமரமும் கரையோரம் போய்வரும், வரத்துக் குறையும், விலை ஏறும். என் மனைவி எடுப்பதில் பாதி அந்தப் படகு மீன்தான். தடைக்காலத்தில் விற்பனை நிற்காது, சுருங்கும்.

இருந்தாலும் கேட்டு வைப்போம் என்று கல்மண்டபம் இடத்துக்காரரைப் பார்த்தேன். "பூட்டி வைத்திருந்தால் அந்த வாரத்துக்குப் பாதி கொடுங்கள்" என்றார்.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 23

அது கணக்கில் பெரிய ஓட்டை, பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு அந்த 61 நாளில் ஒன்பது ஞாயிறு விழுகிறது, ஏப்ரல் 19 முதல் ஜூன் 14 வரை. ஒன்பது வாரத்துக்கும் பாதி குறைத்தால் 5,175. 59,800 போய் 54,625 ஆகிறது. காகிதத்தில் பார்த்தால் மூன்று இடத்திலும் இதுதான் மலிவு.

ஆனால் பூட்டுவீர்களா?

ஐஸ்பெட்டி — ஜனவரி 23

பூட்டமாட்டோம். விலை ஏறும் அந்த இரண்டு மாதத்தில்தான் பெட்டியில் இருக்கும் பழைய சரக்குக்கு மதிப்பு. மனைவியைக் கேட்டேன், "ஃப்ரீசரை அணைத்தால் உள்ளே இருக்கும் வஞ்சிரத்தை நீங்களே சாப்பிடுங்கள்" என்றார்.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 23

அப்படியென்றால் உங்களுக்கு அந்தச் சலுகை பூஜ்யம். பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் விசைப்படகுக்காரருக்குத்தான் அது 5,175. சலுகையின் விலை ஆளுக்கு ஆள் மாறும், 52 மட்டும் மாறாது.

எண்ணூர்க் காற்று — ஜனவரி 24

52ம் மாறும். ஐஸ்பெட்டி பிப்ரவரி 1இல் குடிபோகப் போகிறார், அது ஞாயிறு. வாடகை முன்கூட்டி. 2027 ஜனவரி 31ம் ஞாயிறுதான். முதல் நாளும் ஞாயிறு, கடைசி நாளும் ஞாயிறு, எண்ணிப் பாருங்கள், 53. காலண்டரில் விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினேன். ஆண்டுச் செலவு 60,950. இந்தக் கணக்கில் 2,500 வீதம் 24 தவணை கட்டும் சந்து இடம் 950 ரூபாய் குறைவு.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 24

எண்ணியது சரி. ஆனால் ஜனவரி 31இல் கொடுக்கும் பணம் அடுத்த ஏழு நாளுக்கு. அதில் ஒரே ஒரு நாள்தான் இந்த ஆண்டுக்குச் சொந்தம், ஆறு நாள் அடுத்த ஆண்டுக்கு. 365ஐ ஏழால் வகுத்தால் 52ம் ஒரு நாளும். அந்த ஒரு நாளுக்கு 164 ரூபாய் சேருங்கள், 59,964. 1,150 முழுவதையும் இந்த ஆண்டுத் தலையில் கட்டாதீர்கள்.

எண்ணூர்க் காற்று — ஜனவரி 24

கையை விட்டுப் போகும் பணத்தை எண்ணச் சொன்னவர் நீங்கள்தான். ஜனவரி 31 அன்று கையை விட்டுப் போவது 164 ரூபாயா, 1,150 ரூபாயா?

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 25

1,150தான். சொல்லைத் தளர்வாக விட்டுவிட்டேன். சட்டைப்பையைப் பார்த்தால் உங்கள் கணக்கு, அறைக்கு ஆன செலவைப் பார்த்தால் என் கணக்கு. வாரக் கடைசியில் வாடகை கொடுத்தால் இந்தச் சண்டையே வராது. பிப்ரவரி 8இல் தொடங்கி ஜனவரி 31 வரை சரியாக 52.

எண்ணூர்க் காற்று — ஜனவரி 25

நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கொருக்குப்பேட்டை அக்கா — ஜனவரி 25

அட்வான்ஸை யாரும் கேட்கவே இல்லையே. துறைமுகத்து இடம் எவ்வளவு அட்வான்ஸ்?

ஐஸ்பெட்டி — ஜனவரி 25

அங்கே 30,000. மற்ற இரண்டு இடத்திலும் அட்வான்ஸ் இல்லை. திருப்பித் தந்துவிடுவார்கள் என்பதால் செலவில் சேர்க்கவில்லை.

கொருக்குப்பேட்டை அக்கா — ஜனவரி 25

திருப்பித் தருவது சரி, அந்த முப்பதாயிரம் எங்கிருந்து வரும்?

ஐஸ்பெட்டி — ஜனவரி 25

மனைவியின் வளையல். அடகுக் கடையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி.

கொருக்குப்பேட்டை அக்கா — ஜனவரி 25

மாதம் 300. ஆண்டுக்கு 3,600. தண்டல்காரியிடம் கணக்குப் படித்தவர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 25

அக்காவுக்கு வணக்கம். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது இது. 58,800உடன் 3,600 சேர்ந்தால் 62,400. நான் குறைவு என்று சொன்ன துறைமுகத்து இடம் இப்போது எல்லாவற்றிலும் அதிகம். கையில் சும்மா 30,000 வைத்திருப்பவருக்கு அது இன்னும் குறைவான இடம்தான், வங்கியில் போட்டிருந்தால் வரும் வட்டி ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டாதவரை. அடகு வைப்பவருக்கு இல்லை.

இப்போது நிலவரம்: கல்மண்டபம் 59,800, சந்து தேதிக் கணக்கில் 60,000, துறைமுகம் 62,400.

ஐஸ்பெட்டி — ஜனவரி 28

கல்மண்டபத்துக்கே சொல்லிவிட்டேன். இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்காக இல்லை. காசிமேட்டில் ஞாயிறன்று கூட்டம், எங்களுக்கும் வாரத்தின் பெரிய வியாபாரம் அன்றுதான். மதியம் கையில் பணம் இருக்கும்போதே வாடகை போய்விடும். பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமையில் வந்தால் 2,500க்கு எங்கே போவது?

முதல் நாள் நான் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறேன் என்பதை எல்லோரும் கவனிக்கவும்.

பழைய சம்பளப்பட்டியல் — ஜனவரி 28

கவனித்தோம். மாதம் 300 மிச்சம் என்று சொன்னதையும் கவனித்தோம்.

எண்ணூர்க் காற்று — ஜனவரி 28

60,950.

கல்மண்டபத்தான் — பிப்ரவரி 1, ஞாயிறு

பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. பதினாறு என்றார், பத்தொன்பது எண்ணினேன். நாய்கள் வரிசையில் நிற்கின்றன.

ஐஸ்பெட்டி — மார்ச் 29, ஞாயிறு

இரண்டு மாதம் எழுத ஒன்றும் இல்லை. இன்று இருக்கிறது.

மனைவி வாடகைக்கென்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறார். மாதம் பிறந்ததும் அதில் 4,600 போட்டு மூடிவிடுவார், ஞாயிறுதோறும் 1,150 எடுப்பார். பிப்ரவரியில் நான்கு ஞாயிறு, கணக்கு இழைத்தது போல முடிந்தது. மார்ச்சில் 1, 8, 15, 22 போயிற்று. இன்று மதியம் இடத்துக்காரர் வந்து நிற்கிறார், பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு ரப்பர் பேண்டும் இரண்டு ஐந்து ரூபாய் நாணயமும் விழுகின்றன. சங்கரா விற்ற பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாளை சரக்கு எடுக்க 1,150 குறைகிறது.

நான்கால் பெருக்கியது யார் என்று இன்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது.

பழைய சம்பளப்பட்டியல் — மார்ச் 29

மே, ஆகஸ்டு, நவம்பர் மூன்றிலும் ஐந்து ஞாயிறு வருகிறது. அடுத்த ஜனவரியிலும். பாட்டிலில் 4,600 போடாதீர்கள். 59,800ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 4,983, ஐயாயிரமாகப் போடச் சொல்லுங்கள். நான்கு ஞாயிறு வரும் மாதத்தில் 400 தங்கும், ஐந்து வரும் மாதத்தில் அது உதவும். மார்ச்சின் பள்ளம் மட்டும் நிரம்பக் கொஞ்ச நாள் ஆகும்.

எண்ணூர்க் காற்று — மார்ச் 29

அடுத்த ஜனவரி ஐந்தாவது ஞாயிறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேதி 31. எத்தனையாவது தவணை ஐயா அது?

ஐஸ்பெட்டி — மார்ச் 30

ஐயாயிரம் என்று மனைவியிடம் சொன்னேன். "அதைத்தான் ஜனவரியிலேயே சொன்னேன், வாரம் கொடுப்பது கூட வரும் என்று" என்றார். பாட்டில் போதாது என்று பெரிய டப்பா வாங்கியிருக்கிறார்.